டெர்மினல் வேல்யூவில் இலவசமாக வரும் வளர்ச்சி

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் போடும் மதிப்பீட்டு மாடல்களைச் சரிபார்ப்பது என் வேலை. செல் மாறிப்போவது, ஆண்டு தவறுவது எல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

டெர்மினல் வேல்யூவின் பங்கு பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பதறுவது

ஆண்டுக்கு 5% சீராக வளரும் கம்பெனி, டிஸ்கவுண்ட் ரேட் 12% என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 5 ஆண்டுப் பணவரவு மொத்த மதிப்பில் 28%தான். மீதி 72% டெர்மினல் வேல்யூ, அதாவது அதற்குப் பிறகு வரும் எல்லாப் பணவரவின் மதிப்பு. 5 ஆண்டுக்குப் பிறகும் கம்பெனி ஓடப்போகிறது, அவ்வளவுதான் காரணம். கணிப்பை 10 ஆண்டுக்கு நீட்டினால் பங்கு 52% ஆகும். மொத்த மதிப்பு ஒரு ரூபாய்கூட மாறாது.

முதலீடு போடாமல் வளர வைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். சமீபத்தில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் மாடல் வந்தது. கடைசி நெடுவரிசையில் கேபெக்ஸும் தேய்மானமும் ஒரே எண். நடைமுறை மூலதன மாற்றம் பூஜ்யம். வளர்ச்சி மட்டும் 5%. கேட்டால், "நிலையான கட்டத்தில் இரண்டும் சமம்தானே சார்?" என்கிறார் தம்பி.

வளராத கம்பெனிக்குச் சரி. அதுவும் விலைவாசி ஏறாத ஊரில். பழைய விலையில் வாங்கிய மெஷினின் தேய்மானத்தை வைத்துப் புது மெஷின் வாங்க முடியாது. 5% வளர்ச்சி என்றால் 20 ஆண்டில் விற்பனை 2.65 மடங்கு. அதே ஷெட், அதே லேத்தில் அத்தனை பம்ப் எப்படி வரும்?

எண்ணிலேயே பார்ப்போம். அடுத்த ஆண்டின் வரிக்குப் பிந்தைய இயக்க லாபம் 100 கோடி. தம்பி போட்டது 100 / (0.12 − 0.05), அதாவது 1,429 கோடி. போட வேண்டியது:

```
TV = NOPAT × (1 − g/ROIC) / (WACC − g)
```

TV டெர்மினல் வேல்யூ, NOPAT அந்த இயக்க லாபம், g வளர்ச்சி, ROIC புது முதலீடு ஈட்டும் விகிதம், WACC மூலதனச் செலவு, இங்கே அந்த 12%. புது முதலீடு 15% ஈட்டினால், 5% வளர லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பப் போட வேண்டும். கையில் மிஞ்சுவது 66.7 கோடி, மதிப்பு 952 கோடி. ஈட்டுவது 12%தான் என்றால் மதிப்பு 833 கோடி. வளர்ச்சியைப் பூஜ்யமாக்கினாலும் அதே 833தான் வரும். மூலதனச் செலவுக்குச் சமமாக ஈட்டுகிற வளர்ச்சியால் மதிப்பு கூடுவதில்லை. 15% ஈட்டினால்கூட, தம்பியின் தாளில் இருந்த கூடுதல் 477 கோடி எங்கிருந்தோ முளைத்தது. இதை வைத்து விலை பேசினால் வாங்குகிறவர் கதி என்ன?

மாடல் கையில் வந்ததும் கடைசி ஆண்டில் லாபத்தில் எத்தனை சதவீதம் மறுமுதலீடு என்று முதலில் பாருங்கள். வளர்ச்சியை அதால் வகுத்தால், மாடல் எவ்வளவு ஈட்டு விகிதத்தை நம்புகிறது என்று தெரியும். அது 40, 50 சதவீதம் வந்தால், போட்டியாளர்கள் காலாகாலத்துக்கும் சும்மா இருப்பார்களா என்று கேளுங்கள்.

நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக என்றென்றும் வளர்வது

முடியாது.

பெருக்கலுக்குள் ஒளிந்துகொள்வது

வளர்ச்சி விகிதமே வேண்டாம், கடைசி ஆண்டுப் பணவரவை 25 மடங்காக்கினால் போதும் என்பார்கள். சரி, 12% டிஸ்கவுண்ட் ரேட்டில் அந்த 25-க்குள் 7.7% நிரந்தர வளர்ச்சி இருக்கிறது. அதைத் தனியாக எழுதிக் காட்டச் சொன்னால் ஒருவரும் எழுத மாட்டார்கள்.