லைவ் சமையல் கிளாஸ்: அறிவிப்பும் ரிமைண்டரும் எழுதுறது எப்படி

மொரிஷியஸ் ரோஸ் ஹில்லில இருந்து லைவ்ல சமையல் சொல்லித்தரேன், பார்க்கிறவங்க டர்பன், சென்னை, யாங்கோன், லண்டன்னு எல்லா பக்கமும் இருக்காங்க. அவங்களும் கூடவே சமைக்கணும்னா அறிவிப்பு எப்படி இருக்கணும்னு, நம்ம ஊரு பருப்பு வடையான கத்தோ பிமாங் கிளாஸை வச்சே காட்டுறேன்.

முதல்ல லிங்க். யூடியூப்ல Create → Go live → Manage → Schedule stream போய் தேதி, நேரம், தலைப்பு, ஒரு படம் போட்டுடுங்க. லைவ் முதல் தடவை போறவங்களுக்கு யூடியூப் அனுமதி கொடுக்க 24 மணி நேரம் வரைக்கும் ஆகும், அதனால அதை முன்னாடியே ஆன் பண்ணி வைங்க. ஃபேஸ்புக்கை விட எனக்கு யூடியூப்தான் பிடிக்கும், ஏன்னா லிங்க் முன்னாடியே கையில வந்துடுது, கடைசி வரைக்கும் அதே லிங்க்தான், அதுல Notify me-னு பட்டனும் இருக்கு, நேரத்தையும் பார்க்கிறவங்க ஊர் கணக்குலயே காட்டும்.

ஆனா நிறைய பேர் லிங்க்கைத் தொடவே மாட்டாங்க, வாட்ஸ்அப்ல வந்த வரியை மட்டும் படிச்சுட்டு போயிடுவாங்க. அங்கதான் நேரம் காலை வாரிவிடும். வெறும் "மூணு மணிக்கு"ன்னு எழுதினா சென்னைக்காரங்க ஒன்றரை மணி நேரம் முன்னாடியே வந்து வெறும் ஸ்கிரீனைப் பார்ப்பாங்க, டர்பன்காரங்க ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து முடிஞ்சுபோன கிளாஸைப் பார்ப்பாங்க. அதனால ஊர் பேரோட எழுதுங்க. "நாளைக்கு", "இன்னைக்கு"ன்னு மட்டும் எழுதாதீங்க, ஃபார்வர்ட் ஆகி மறுநாள் போய் சேர்ந்தா அர்த்தமே மாறிடும், கிழமையும் தேதியும் சேர்த்தே போடுங்க.

நான் போடுற அறிவிப்பு இப்படி இருக்கும்:

"ஞாயிறு, ஜூன் 14. லைவ்ல கத்தோ பிமாங் செய்யலாம்.
மொரிஷியஸ் மதியம் 3.00 | டர்பன் 1.00 | லண்டன் பகல் 12.00 | சென்னை 4.30 | யாங்கோன் மாலை 5.30
பருப்பு ஊற 5 மணி நேரம் வேணும், காலையில சொல்றேன்.
லிங்க்: ..."

லண்டனை மட்டும் ஒவ்வொரு தடவையும் பாருங்க. ஜூன்ல 12, அதே கிளாஸ் டிசம்பர்ல வச்சா அங்க 11, ஏன்னா அவங்க கடிகாரத்தை மாத்துவாங்க. மத்த நாலு ஊரும் மாத்துறது இல்ல.

இப்ப ரிமைண்டர். "மறக்காதீங்க, வாங்க"ன்னு போடுற போஸ்டை யாரும் ரெண்டாவது தடவை படிக்க மாட்டாங்க. ஒவ்வொரு ரிமைண்டரும் அந்த நேரத்துல அடுப்படியில செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைச் சொல்லணும், என்னோட முறை இதுதான். கத்தோ பிமாங்குக்கு மூணே போதும்.

சனிக்கிழமை காலையில, கடைக்குப் போற நேரத்துக்கு முன்னாடி:
"ஞாயிறு, ஜூன் 14 கிளாஸுக்கு வாங்க வேண்டியது: மஞ்சள் பட்டாணிப் பருப்பு 250 கிராம் (கிடைக்கலன்னா கடலைப் பருப்பு), பச்சை மிளகாய், கொத்தமல்லி, வெங்காயத்தாள், பொரிக்க எண்ணெய்."

ஞாயிறு காலை, மொரிஷியஸ் 9.30-க்கு:
"பருப்பைக் கழுவி இப்பவே ஊற போடுங்க. தண்ணி பருப்புக்கு மேல நாலு விரல் நிக்கணும்."
டர்பன்ல அப்ப காலை 7.30, லண்டன்ல 6.30, அங்க எழுந்துக்க லேட்டாகும்னா முந்தின நாள் ராத்திரியே ஊற போட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொல்லுங்க. இந்தப் போஸ்ட் லேட்டானா கிளாஸே வீணாயிடும், ஊறாத பருப்பு மிக்ஸியில கல்லு கல்லா நிக்கும், வடை உள்ள வேகாது.

மதியம் 2.30-க்கு:
"அரை மணி நேரத்துல ஆரம்பம். பருப்பை வடிதட்டுல கொட்டி தண்ணியை வடிய விடுங்க. லிங்க்: ..."
ஈரத்தோட அரைச்சா மாவு தளர்ந்து எண்ணெய்ல உதிர்ந்துடும், அதான் இந்த அரை மணி நேரம். இந்தப் போஸ்ட்ல லிங்க்கும் இந்த ஒரு வேலையும் போதும், வேற எதையும் திணிக்காதீங்க.

அப்டேட்: ரிமைண்டர் எனக்கு வரவே இல்லைன்னு சிலர் எழுதியிருந்தாங்க. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்ல அனுப்பினா, உங்க நம்பரை போன்ல சேவ் பண்ணவங்களுக்கு மட்டும்தான் போய் சேரும். அதனால பேர் கொடுக்கிறவங்ககிட்ட அன்னைக்கே "என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிடுங்க, இல்லன்னா கிளாஸுக்குன்னு தனி குரூப் போட்டு நீங்க மட்டும் போஸ்ட் போடுற மாதிரி செட் பண்ணிடுங்க. நான் இப்ப குரூப்தான் வச்சிருக்கேன், குட் மார்னிங் படங்களுக்கு நடுவுல பருப்பு போஸ்ட் காணாம போறதில்ல.