பேன்ட் சைஸ் 34, டேப்பில் 93: பி.எம்.ஐ.யையும் இடுப்பளவையும் நம் உடம்புக்கு ஏற்றபடி பார்ப்பது எப்படி?

என் மச்சானுக்கு வயது 44. போன மாதம் வீட்டுக்கு வந்தவர் போனை நீட்டிக் காட்டினார். ஆப்பில் பச்சை வட்டத்துக்குள் பி.எம்.ஐ. 22 என்று இருந்தது. "பாத்தீங்களா, நான் நார்மல்!" சட்டைக்கு மேலேயே தொப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவரை நிற்கவைத்து அளந்ததை அப்படியே வரிசையாக எழுதுகிறேன். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு தராசும் தையல்காரர் டேப்பும் போதும்.

1. முதலில் உயரம்

எடையைத்தான் எல்லோரும் கவனமாகப் பார்க்கிறார்கள், ஆனால் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் உயரம். பி.எம்.ஐ. என்பது கிலோவில் எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுப்பது. அதனால் உயரத்தில் சின்னப் பிழை வந்தாலும் விடையில் பெரிதாகத் தெரியும்.

மச்சான் உயரம் 5 அடி 6 அங்குலம். ஆப்பில் அதை 5.6 அடி என்று போட்டிருந்தார். 5.6 அடி என்றால் ஏறத்தாழ 171 செ.மீ. உண்மையான 5 அடி 6 அங்குலம் 168 செ.மீ. தான். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் படும்படி நிற்கவைத்து, தலைமேல் ஒரு புத்தகத்தைச் சமமாக வைத்துக் குறித்தபோதும் 168தான் வந்தது. எடை 64 கிலோ.

```
64 ÷ (1.68 × 1.68) = 22.7
```

22 இல்லை, 22.7. இந்த 0.7 பெரிய விஷயமா என்று கேட்டால், கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

2. எந்தக் கோட்டோடு ஒப்பிடுவது?

பெரும்பாலான ஆப்களில் இருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கோடுகள்: 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன். 2004இல் அதன் நிபுணர் குழு ஆசிய மக்களைப் பற்றித் தனியாக ஆராய்ந்தது. பொதுக் கோடுகளை மாற்றாமல், ஆசியர்களுக்கு 23, 27.5 ஆகிய இரண்டையும் கவனிக்க வேண்டிய இடங்களாகச் சேர்த்தது. இந்திய மருத்துவர்கள் 2009இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கறாரானது: 23இல் அதிக எடை, 25இலேயே உடல் பருமன். அதாவது 24.5 உள்ள ஒருவர் ஆப்பில் பச்சை. நம் ஊர் டாக்டர் கணக்கில் மஞ்சள்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் பல இன மக்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. வெள்ளையர்களுக்கு பி.எம்.ஐ. 30இல் வருகிற அதே சர்க்கரை நோய் அபாயம், தெற்காசியர்களுக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது என்றது அது.

காரணம் எளிது. தராசுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். அதே எடையில் நமக்குச் சராசரியாகத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேர்கிறது. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் 2004இல் தங்கள் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

கவனியுங்கள், 22.3 என்பது 23க்கும் கீழே. கோட்டை இறக்கினாலும் இப்படிப்பட்டவர்கள் தப்பிவிடுவார்கள். மச்சானும் அப்படித்தான் தப்பினார். தலைகீழாகவும் நடக்கும்: 182 செ.மீ. உயரமும் 84 கிலோ எடையும் உள்ள கபடி வீரருக்கு பி.எம்.ஐ. 25.4 வரும், நம் கணக்கில் அவர் 'பருமன்'. அவர் இடுப்பு 84 செ.மீ. தான் என்றால் அந்தப் பட்டத்துக்கு அர்த்தமே இல்லை.

3. இடுப்பை அளப்பது

இங்கே நம் மொழியே கொஞ்சம் குழப்புகிறது. புடவை கட்டுகிற இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைக்கிற இடமும் இடுப்பு. பேன்ட் நிற்கிற இடம் மூன்றாவது. தொப்பை உள்ள ஆண்களுக்கு பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கும். மச்சான் பேன்ட் சைஸ் 34, அதாவது 86 செ.மீ. ஆண்களுக்கு இடுப்புக் கோடு 90 செ.மீ. என்று சொன்னதும், "அப்ப 90க்குக் கீழதானே?" என்றார்.

அளக்க வேண்டிய இடம் இது: விலாவின் பக்கவாட்டில் விரலால் அழுத்திக்கொண்டே இறங்கினால் கடைசி விலா எலும்பு முடியும். கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. டேப் அந்தப் புள்ளி வழியாக, தரைக்கு இணையாக, வெறும் தோலில் சுற்ற வேண்டும். முதுகுப் பக்கம் டேப் இறங்குவதுதான் வழக்கமான பிழை. கண்ணாடி முன் நில்லுங்கள், அல்லது யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். டேப் தோலைத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டதும் படியுங்கள். வயிற்றை எக்கினால் சில செ.மீ. காணாமல் போகும். மச்சான் முதலில் அதைத்தான் செய்தார்.

காலையில் சாப்பிடும் முன் இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். இரண்டுக்கும் 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் புள்ளி நகர்ந்திருக்கிறது, மறுபடி அளக்க வேண்டும்.

மச்சானுக்கு வந்தது 93. தெற்காசிய ஆண்களுக்குக் கோடு 90, பெண்களுக்கு 80.

4. டேப்பும் ஏமாற்றும் இடம்

90, 80 என்ற எண்களுக்கு உயரம் தெரியாது. 147 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு இடுப்பு 78 என்றால் கோட்டுக்கு உள்ளேதான். ஆனால் அது அவர் உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. அதனால் நான் மூன்றாவதாக ஒரு வகுத்தலும் போடுவேன்:

```
78 ÷ 147 = 0.53
93 ÷ 168 = 0.55
```

0.5ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலும் 2022 முதல் இதைச் சொல்கிறது. எனக்கு மூன்றில் இதுதான் பிடித்தது, ஆனால் இதுவும் தோலுக்கடியில் உள்ள கொழுப்பையும் உள்ளே உறுப்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பையும் பிரித்துக் காட்டாது. கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இந்த அளவுகள் எதுவுமே பொருந்தாது.

5. அப்புறம் என்ன?

அளவு நோயைச் சொல்லாது. ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டுமா என்பதைச் சொல்லும். அதற்குச் சென்னையில் மருத்துவர் மோகன் குழு 2005இல் உருவாக்கிய, சர்க்கரை நோய் அபாயத்துக்கான ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. அதில் பி.எம்.ஐ. கிடையாது, இடுப்பளவு உண்டு. மச்சானுக்குப் போட்டோம். வயது 35 முதல் 49க்குள், 20. உடற்பயிற்சி இல்லை, உட்கார்ந்த வேலை, 30. அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை, 0. இடுப்பு 90 முதல் 99க்குள், 10. மொத்தம் 60. அதிக அபாயம் என்பது 60இல்தான் தொடங்குகிறது. பேன்ட் சைஸை நம்பியிருந்தால் 50.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் லேபுக்குப் போனார், அதே 34 பேன்ட்டில்.