மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கேட்: முருங்கைப் பொடி யூனிட்டை வைத்து ஒரு கணக்கு

ஸ்டேஜ் கேட் என்பது திட்டத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அடுத்த கட்டத்துக்குப் பணம் விடலாமா என்று முடிவெடுக்கும் முறை. ராபர்ட் கூப்பர் பரவலாக்கிய முறையில் தொடர், நிறுத்து, தள்ளிவை, திருத்திக்கொண்டு திரும்பி வா என நான்கு முடிவுகள் உண்டு. "பார்த்துக்கலாம்" அதில் கிடையாது.

உசிலம்பட்டிப் பக்கம் நான்கு பங்காளிகள் முருங்கை இலைப் பொடி யூனிட் போடுவதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக எண்களை நானே வைத்திருக்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை டிரையரில் சோதனை ஓட்ட 1.5 லட்சம். அது முடிந்ததும் மெஷின், ஷெட், கரண்ட் லைனுக்கு 9 லட்சம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கேட்.

1. சோதனை தொடங்கும் முன்பே வரம்பை எழுதுங்கள். கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம் போதும்: ஒரு கிலோ பொடிக்குக் காம்போடு 8 கிலோ இலைக்கு மேல் ஆகக்கூடாது, மாதம் குறைந்தது 450 கிலோவுக்கு, கிலோ 320 ரூபாய்க்கு, எழுத்தில் ஆர்டர் வேண்டும், இனிப் போடும் பணம் 36 மாதத்துக்குள் திரும்ப வேண்டும். சோதனை முடிந்தபின் எழுதினால் கையில் கிடைத்த எண்ணுக்கு ஏற்ப வரம்பு வளைந்துவிடும். தேதியையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் டீலரின் ஆடி ஆஃபர் முடியும் நாளே உங்கள் கேட் தேதியாகிவிடும்.

2. யார் முடிவெடுப்பது? பணம் போடுகிறவர்கள். சோதனையை ஓட்டியவர் எண்களை வைக்கட்டும், ஓட்டு வேண்டாம். தான் வளர்த்ததை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

3. கணக்கைப் போடுங்கள். பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். திட்டப்படி இலை கிலோ 15 ரூபாய், 8 கிலோவுக்கு 120. கூலி, உலர்த்தல், பேக்கிங் 110. அடக்கம் 230, கிலோவுக்கு 90 மிச்சம். மாதம் 500 கிலோ போனால் 45,000. வாடகை போன்ற நிலையான செலவு 15,000 போக 30,000 நிற்கும். 9 லட்சம் 30 மாதத்தில் திரும்பும்.

சோதனையில் வந்ததோ வேறு. 10 கிலோ இலை ஆகிறது, ஆர்டர் 400 கிலோதான். அடக்கம் 260, மிச்சம் 60. மாதம் 24,000 வந்து, 15,000 போக 9,000 நிற்கிறது. 9 லட்சம் திரும்ப 100 மாதம்.

இந்த இடத்தில் கட்டாயம் ஒருவர் சொல்வார்: "ஏற்கெனவே ஒன்றரை லட்சம் போட்டாச்சே, இப்ப நிறுத்தினா அது வீண்தானே?" நிறுத்தினாலும் தொடர்ந்தாலும் அந்த ஒன்றரை லட்சம் போனதுதான். அதை மீட்க இன்னும் 9 லட்சம் போடுவதா என்பது கேட்டில் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. தாளில் அந்தத் தொகைக்குக் கட்டமே வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் கணக்கில் நுழைந்துவிடும்.

4. நிறுத்தும் முன் காரணத்தைப் பாருங்கள். இலை ஏன் 10 கிலோ ஆனது? முதிர்ந்த காம்போடு எடை போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வெட்டிச் சாக்கில் அடைத்ததால் இரவில் சூடேறி மஞ்சளாகி, கழிவு கூடியிருக்கிறது. காலையில் வெட்டி, தோட்டத்திலேயே உருவிய இலையாக கிலோ 25 ரூபாய்க்கு வாங்கினால் 5 கிலோ போதும் என்பது கணிப்பு. இலை 125, உருவும் கூலி குறைவதால் மற்ற செலவு 95, அடக்கம் 220, மிச்சம் 100.

400 கிலோவுக்கு 40,000 வந்து, 15,000 போக 25,000. 9 லட்சத்துக்குச் சரியாக 36 மாதம். ஆனால் மறுசோதனைக்கு 20,000 ஆகும். அது இனிப் போடும் பணம், ஆகவே கணக்கில் சேரும். 9.2 லட்சம் என்றால் 36.8 மாதம், வரம்பைத் தாண்டிவிட்டது. ஆர்டரும் 450 கிலோவானால் 30,000 நிற்கும், 31 மாதத்துக்குள் திரும்பும்.

ஆக முடிவு, "திருத்திக்கொண்டு வா": 20,000 ரூபாய், ஒரு மாதம், 5 கிலோ இலையும் 450 கிலோ ஆர்டரும். இரண்டில் ஒன்று தவறினாலும் நிறுத்தம். இன்னொரு மறுசோதனை கிடையாது என்பதையும் அன்றே எழுதுங்கள்.

இதற்கெல்லாம் திட்ட மேலாண்மை சாஃப்ட்வேர் வேண்டாம், கூகுள் ஷீட்டே மேல்.

பிற்சேர்க்கை: ஒரு வாசகரின் ஷீட்டில் "-40 மாதம்" என்று வந்து, 36-ஐவிடக் குறைவு என்பதால் "தொடர்" என்று காட்டியிருக்கிறது. மாத மிச்சம் நஷ்டத்தில் போனால் இப்படித்தான் வரும். B2 இனிப் போடும் பணம், B3 கிலோ மிச்சம், B4 மாத ஆர்டர், B5 நிலையான செலவு என்று வைத்து இதைப் போடுங்கள்:

```
=IF(B3*B4-B5<=0,"நிறுத்து",B2/(B3*B4-B5))
```

ஆர்டர் கட்டத்தில் வாய்ச்சொல் ஆர்டரைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தார். சேர்க்க வேண்டாம். அட்வான்ஸோ பர்ச்சேஸ் ஆர்டரோ வராத கிலோ பூஜ்யம்தான்.