படத்தில் உள்ள ஓலைச்சுவடியை வாசிப்பது எப்படி? ஒரு குறளை வைத்துப் பழகுவோம்

1. முழு ஏட்டையும் பாருங்கள்

உடனே பெரிதாக்க வேண்டாம். ஏட்டில் பெரும்பாலும் இரண்டு துளைகள் இருக்கும். இடத்துளையில் கயிறு கோப்பார்கள், வலத்துளையில் நாராசம் என்ற குச்சியைச் செருகுவார்கள். துளையைச் சுற்றி எழுதாமல் விட்டிருப்பது கயிறு உரசி எழுத்து தேயாமல் இருக்கத்தான். வரி துளைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் தொடரும்.

இடது ஓரத்தில் தனியாக 'க' நின்றால் அது ஏட்டெண் 1, 'உ' நின்றால் 2. படங்களின் வரிசையை நம்பாமல் இந்த எண்ணைக் கொண்டே ஏடுகளை அடுக்குங்கள்.

2. கீறலா, விரிசலா?

எழுத்தாணி ஓலையின் மேல்தோலைக் கீறிச் செல்லும். அந்தக் கீறலில் விளக்குக்கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்தால் கறுப்பு பள்ளத்தில் தங்கும். மை தடவாத ஏடாக இருந்தால், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் தேடுங்கள். கீறலின் நிழலே அங்கே எழுத்தாகத் தெரியும்.

விரிசலிலும் அழுக்கு சேர்ந்து கறுப்பாகும். ஆனால் விரிசல் ஓலையின் நரம்போடு நீளவாக்கில் ஓடி, பல எழுத்துகளை ஒரே கோடாக வெட்டிச் செல்லும். எழுத்தின் கோடோ வளைந்து, எழுத்துக்குள்ளேயே முடியும்.

3. உள்ளதை உள்ளபடி பெயர்த்தெழுதுங்கள்

முதல் குறள் பழைய ஏட்டு முறையில் இப்படி இருக்கும்:

அகரமுதலவெழுததெலலரமரதிபகவனமுதறறெயுலகு

புள்ளி இல்லை, சொல்லிடைவெளி இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம் என்பதால் 'லர' என்பதை 'லா' என்றும், 'மரதி' என்பதை 'மாதி' என்றும் கொள்ள வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான்; எனவே 'றெ' இங்கே 'றே'. இப்போது பிரித்தால் 'எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு' கிடைக்கும். திருத்திய வடிவத்தைத் தனி வரியில் எழுதுங்கள். ஏட்டில் இருப்பதன் மேலேயே திருத்தினால், பிறகு ஐயம் வரும்போது திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது.

4. சிதைவை எடைபோடுங்கள்

'ப'வுக்கும் 'வன'வுக்கும் நடுவே பூச்சித்துளை என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேட்க வேண்டியது, எழுத்து உண்மையிலேயே போயிற்றா என்பது. ஓலையில் முன்பே குறை இருந்தால் எழுதியவர் அதைத் தாண்டி எழுதியிருப்பார், பொருள் தடைப்படாது. துளையின் விளிம்பில் அறுபட்ட கோடு தெரிந்தால் எழுத்து அங்கே இருந்தது உறுதி. அடுத்தடுத்த ஏடுகளிலும் அதே இடத்தில் துளை இருந்தால், கட்டிய பிறகு பூச்சி குடைந்தது.

மறுபக்கப் படத்திலும் அந்தத் துளையைத் தேடுங்கள். கயிற்றில் கோத்த ஏட்டை மேல்கீழாகப் புரட்டுவதால், மேல் விளிம்பருகே இருந்த துளை அங்கே கீழ் விளிம்பருகே வரும். இடமிருந்து உள்ள தூரம் மாறாது. அங்கேயும் ஓர் எழுத்து போயிருக்கலாம்.

இங்கே எதுகை கைகொடுக்கிறது. முதலடி 'அகர' என்று தொடங்குவதால் இரண்டாமடியின் இரண்டாம் எழுத்து 'க'வாக இருக்கும் என்று ஊகிக்கலாம். அப்படியானாலும் ப[க]வன என்று பகர அடைப்புக்குள் இடுங்கள். எதுகையும் பொருளும் உதவாத இடத்தில், போன எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்து விட்டுவிடுங்கள்.