மாணவி கையால் வரைந்த வென்படத்தை வாசித்து விளக்குவது எப்படி?

ஒரு மாணவி தாளில் இரண்டு வட்டங்கள் வரைந்து, உள்ளே சில சொற்களை எழுதிக் கொண்டுவந்து நீட்டுகிறாள். அதை நாம் விளக்க வேண்டும். பெற்றோராக இருந்தால் அவளுக்கே விளக்க வேண்டியிருக்கும், ஆசிரியரானால் வகுப்புக்கு. பெரும்பாலும் நாம் செய்வது என்ன? வட்டங்களில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துவிட்டு, "இவை இதில், அவை அதில், நடுவில் உள்ளவை இரண்டிலும்" என்று முடித்துவிடுகிறோம். அது படத்தை ஒப்பிப்பதுதான். அந்தச் சொற்களை அவள் ஏன் அங்கே வைத்தாள் என்பது அதில் வராமலே போய்விடும்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். தலைப்பு: ஒளிச்சேர்க்கையும் செல் சுவாசமும். இந்த இரண்டையும் ஒப்பிட்டு வென்படம் வரையச் சொல்வது அறிவியல் பாடத்தில் வழக்கமான வேலை.

படத்தில் இருப்பது இது. இடது வட்டம் ஒளிச்சேர்க்கை. அதில் பச்சையம், சூரிய ஒளி, பகல், தாவரங்கள். வலது வட்டம் செல் சுவாசம். அதில் மைட்டோகாண்ட்ரியா, இரவு, விலங்குகள், கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். இரண்டும் மேற்பொருந்தும் நடுப்பகுதியில் குளுக்கோஸ், ஆக்சிஜன். இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. நடுப்பகுதியில் ஏதோ எழுதி அழித்த தடம் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் "தாவரங்கள்" என்று படிக்க முடிகிறது. நடுவில் உள்ள ஆக்சிஜனிலிருந்து வலப்பக்கம் ஒரு சின்ன அம்பும் போகிறது.

படி 1: முதலில் கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள்

சரி, தவறு என்ற பேச்சே இப்போது வேண்டாம். எத்தனை வட்டம், அவற்றின் பெயர் என்ன, எந்தச் சொல் எங்கே இருக்கிறது, எது அழிக்கப்பட்டிருக்கிறது, எங்கே அம்பு இருக்கிறது, அவ்வளவுதான். அழித்த தடத்தையும் அம்பையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். கையால் வரைந்த படத்தின் பெரிய வசதியே அதுதான். கணினியில் வரைந்தால் அழித்தது காணாமல் போய்விடும். தாளில் அவள் எங்கே தயங்கினாள் என்பது அப்படியே இருக்கிறது.

படி 2: ஒவ்வொரு சொல்லையும் இரண்டு வாக்கியமாக்குங்கள்

இந்தப் படியில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும், அவசரப்படாதீர்கள்.

வென்படத்தில் இடது ஓரத்தில் ஒரு சொல்லை வைத்தால், அது ஒன்றல்ல, இரண்டு செய்திகளைச் சொல்கிறது. "இது இடது வட்டத்துக்கு உரியது" என்பது ஒன்று. "இது வலது வட்டத்துக்கு உரியதல்ல" என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது செய்தியை மாணவர்கள் மட்டுமல்ல, விளக்குபவர்களும் மறந்துவிடுகிறோம். "தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யும்" என்று நினைத்து எழுதும் பிள்ளைக்கு, அந்த இடம் கூடவே ஓர் "இல்லை"யையும் சொல்லிவிடுகிறது என்பது தெரியாது.

ஆகவே ஓரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் "ஆம்" வாக்கியம், ஓர் "இல்லை" வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

பச்சையம்: ஒளிச்சேர்க்கைக்குப் பச்சையம் வேண்டும். செல் சுவாசத்துக்கு வேண்டாம். இரண்டும் சரி. சொல் சரியான இடத்தில் இருக்கிறது. சூரிய ஒளிக்கும் இதே கதைதான்.

தாவரங்கள்: தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யும். சரி. தாவரங்கள் சுவாசிப்பதில்லை. இங்கே இடிக்கிறது. தாவர செல்களிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. வேர், தண்டு, இலை எல்லாமே சுவாசிக்கின்றன. அப்படியானால் இந்தச் சொல் நடுவுக்குப் போக வேண்டும். அழித்த தடம் இப்போது புரிகிறதா? அவள் முதலில் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். பிறகு "தாவரம் என்றால் ஒளிச்சேர்க்கை, விலங்கு என்றால் சுவாசம்" என்ற பழைய பாகுபாடு வந்து அவளை மாற்ற வைத்திருக்கிறது. அவளிடம் பேசும்போது இதைத் தவறு என்று தொடங்காமல், "முதலில் நடுவில் எழுதியிருந்தாயே, அப்போது என்ன நினைத்தாய்?" என்று கேளுங்கள். பாதி விளக்கத்தை அவளே சொல்லிவிடுவாள்.

பகல்: ஒளிச்சேர்க்கை பகலில் நடக்கும். சரி. செல் சுவாசம் பகலில் நடக்காது. தவறு. உயிருள்ள செல் பகல், இரவு பார்க்காமல் எந்நேரமும் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. பகலும் நடுவுக்குப் போகிறது.

இரவு: செல் சுவாசம் இரவில் நடக்கும். சரி. ஒளிச்சேர்க்கை இரவில் நடக்காது. ஒளி இல்லாததால் அதுவும் சரி. இரவு இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பகலும் இரவும் எதிர்ச்சொற்கள் என்பதால் எதிரெதிர் ஓரங்களில் வைத்தால் அழகாக இருக்கும் என்று தோன்றும். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் ஒன்று ஓரத்திலும் மற்றது நடுவிலும்தான் நிற்கிறது. வென்படத்தில் சமச்சீராகத் தெரியும் ஜோடிகளை எப்போதும் ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

பகலில் செடி ஆக்சிஜனைத்தானே வெளியிடுகிறது, அப்போது எப்படிச் சுவாசிக்கும் என்று அவள் கேட்கலாம். நல்ல வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கையின் வேகம் சுவாசத்தைவிட அதிகம். செடி தன் சுவாசத்துக்கு எடுத்துக்கொண்டது போக மிச்சமுள்ள ஆக்சிஜன் வெளியே வருகிறது. வெளியே வருவதை மட்டும் பார்ப்பதால், உள்ளே நடக்கும் சுவாசம் நமக்குத் தெரிவதில்லை.

விலங்குகள், மைட்டோகாண்ட்ரியா: விலங்குகளைப் பொறுத்தவரை இடம் சரி. மைட்டோகாண்ட்ரியாவும் சரி. அதற்கு இணையாக இடது ஓரத்தில் பசுங்கணிகம் இருந்திருக்கலாம், விட்டுப்போயிருக்கிறது.

படி 3: நடுவில் உள்ள வெறும் பெயர்ச்சொற்களுக்கு வினை கொடுங்கள்

நடுவில் குளுக்கோஸ், ஆக்சிஜன் என்று இரண்டு சொற்கள். "இரண்டிலும் குளுக்கோஸ் உண்டு" என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றில் குளுக்கோஸ் உருவாகிறது, மற்றதில் சிதைகிறது. இரண்டு சமன்பாடுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்:

```
6CO₂ + 6H₂O → C₆H₁₂O₆ + 6O₂
C₆H₁₂O₆ + 6O₂ → 6CO₂ + 6H₂O
```

முதலாவது ஒளிச்சேர்க்கை, ஒளியாற்றலை வாங்கிக்கொண்டு நடக்கிறது. இரண்டாவது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் செல் சுவாசம், ஆற்றலை வெளியிடுகிறது. முதலாவதின் வலப்பக்கம் இருப்பதுதான் இரண்டாவதின் இடப்பக்கம். (இவை மொத்தக் கணக்கு மட்டுமே. செல்லுக்குள் இரண்டும் வெவ்வேறு படிகளாக நடக்கின்றன. சுவாசம் என்பது ஒளிச்சேர்க்கையை அப்படியே பின்னோக்கி ஓட்டுவதல்ல.)

ஆகவே "ஆக்சிஜன்" என்ற பெயர் நடுவில் இருக்கலாம். "ஆக்சிஜன் வெளியேறும்" இடது ஓரத்துக்கு உரியது. "ஆக்சிஜன் பயன்படும்" வலது ஓரத்துக்கு உரியது. மூன்றும் ஒரே நேரத்தில் சரி. வினை சேர்ந்ததும் சொல்லின் இடம் மாறுகிறது. அவளே வலது வட்டத்தில் "கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்" என்று வினையோடு எழுதியிருக்கிறாள், அதனால்தான் அந்த ஒரு வரி எந்தக் குழப்பமும் இல்லாமல் நிற்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, மற்றவற்றையும் அப்படி எழுதச் சொல்லலாம். சமன்பாட்டைப் பார்த்தால் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும்கூட இரண்டுக்கும் பொதுவானவை என்று தெரியும். அவற்றையும் அவளே கண்டுபிடிக்கட்டும்.

படி 4: படம் சொல்ல முடியாததைக் கவனியுங்கள்

இப்போது அந்தச் சின்ன அம்பு. வென்படத்தில் அம்புக்கு இடமில்லை. விதிப்படி பார்த்தால் அது தவறு. என்னைக் கேட்டால், அந்தத் தாளிலேயே மிகச் சிறந்த சிந்தனை அதுதான். ஒன்றில் வெளிவருவது மற்றதற்குள் போகிறது என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். அதைச் சொல்ல வட்டங்கள் போதவில்லை, அதனால் அம்பு போட்டிருக்கிறாள்.

வென்படம் "எது எதில் சேரும்" என்பதை மட்டும்தான் சொல்லும். "எது எதற்குப் போகிறது", "எதனால் எது" என்பதையெல்லாம் அது சொல்லாது. அதற்குக் கோடுகளும் அம்புகளும் உள்ள கருத்துப் படம் வேண்டும். அவளை அதே தாளின் பின்பக்கத்தில் இரண்டு பெட்டிகள் வரையச் சொல்லுங்கள், பசுங்கணிகம் ஒன்று, மைட்டோகாண்ட்ரியா ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு "குளுக்கோஸும் ஆக்சிஜனும் தருகிறது" என்று ஓர் அம்பு. திரும்பி வரும் அம்பில் "கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் தருகிறது". அம்பின் மேல் வினைச்சொல் எழுதுவது முக்கியம். வெறும் கோடு "ஏதோ தொடர்பு உண்டு" என்பதோடு நின்றுவிடும். மன வரைபடத்தை விளக்கும்போதும் இதே சோதனைதான்: நடுச்சொல், கோடு, கிளைச்சொல் மூன்றையும் சேர்த்து ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாத கோடுதான் அவளிடம் கேட்க வேண்டிய கோடு.

படி 5: விளக்கத்தை எழுதுங்கள்

இவ்வளவும் பார்த்த பிறகு எழுதுவது சுலபம். ஏறக்குறைய இப்படி வரும்:

"இந்தப் படம் ஒளிச்சேர்க்கையையும் செல் சுவாசத்தையும் ஒப்பிடுகிறது. பச்சையமும் ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு மட்டும் தேவை என்பதைச் சரியாகக் காட்டுகிறது. குளுக்கோஸும் ஆக்சிஜனும் இரண்டிலும் இடம்பெறுகின்றன. ஒன்றில் உருவாகி மற்றதில் பயன்படுகின்றன என்பதை அம்பு குறிப்பிடுகிறது. தாவரங்களும் பகலும் இடது ஓரத்தில் உள்ளன. தாவரங்கள் பகலிலும் சுவாசிப்பதால் இவை நடுவில் இருக்க வேண்டும். தாவரங்களை முதலில் அங்கேதான் எழுதியிருக்கிறாள்."

கடைசியாக வட்டங்களுக்கு வெளியே உள்ள வெற்றிடத்தையும் காட்டுங்கள். இரண்டு வட்டம் போட்டால் பகுதிகள் மூன்றல்ல, நான்கு. இரண்டிலும் சேராதவை வெளியே வர வேண்டும். அங்கே எதை வைக்கலாம் என்று அவளைக் கேளுங்கள். கல், மேசை என்று ஏதாவது சொன்னால் தப்பில்லை, ஆனால் அதனால் பயனும் இல்லை. செடியில் நடக்கும் ஒரு செயலாகவே இருக்க வேண்டும், ஆனால் இந்த இரண்டிலும் சேரக்கூடாது என்று கேள்வியைச் சுருக்குங்கள். இலைத்துளை வழியாக நீர் ஆவியாக வெளியேறுவது, அதாவது நீராவிப்போக்கு, அங்கே பொருந்தும். வாயுக்கள் வந்துபோகும் அதே துளைகள் வழியாகத்தான் அந்த நீராவியும் போகிறது. அதை அவள் கவனித்துவிட்டால், இலைத்துளையை எந்த இடத்தில் எழுதுவது என்ற அடுத்த கேள்வியோடு பென்சிலை மறுபடி கையில் எடுப்பாள்.