ஜீவனாம்சம்: மொத்தமாகவா, மாதாமாதமாகவா? கையெழுத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் கணவன் மனைவி பிரியும் பேச்சு பல நேரம் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே கோயில் தலைவர் வீட்டில் முடிந்துவிடுகிறது. "இருபதாயிரம் வெள்ளி வாங்கிக்கிட்டு விட்டுடும்மா, அலைய வேண்டாம்" என்பார்கள். ஒரு தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட, பணம் கைமாறும்.

இந்தத் தாள் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. முஸ்லிம் அல்லாதவர்களின் விவாகரத்துக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. "இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்று ஒரு மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டால், நீதிமன்றம் அங்கீகரிக்கும் வரை அந்த ஒப்பந்தம் செல்லாது. அங்கீகரித்துவிட்டால், பிறகு மனைவி ஜீவனாம்சம் கேட்டு வந்தாலும் அதைக் காட்டியே கணவர் தடுத்துவிடலாம். ஆக, தாளோடு நிறுத்திக்கொண்டால் பணம் கொடுத்தவருக்கே பாதுகாப்பு இல்லை. மனைவி பின்னால் வழக்குப் போட்டால், கொடுத்த பணத்தைப் பற்றி வாதாட வேண்டியிருக்கும். இருவரும் சம்மதித்துப் பிரிகிறார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் போடும் கூட்டு மனுவிலேயே தொகையை எழுதி உத்தரவாக வாங்குவதுதான் சரியான வழி.

அடுத்தது தொகை. அந்த இருபதாயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நீதிமன்றத்திடமும் ஒரே வாய்ப்பாடு கிடையாது. ஆனாலும் யோசிக்க ஒரு முறை உண்டு: முதலில் இருவரின் வசதியும் தேவையும், அதோடு கல்யாணம் முறிந்ததில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதும். கணவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற ஊர்க்கணக்குக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கணவருக்கு 44 வயது, செம்பனை ஆலையில் லாரி ஓட்டுகிறார், கைக்கு 3,000 வெள்ளி வருகிறது. மனைவி பல வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவர், இப்போது ஃபேக்டரியில் 1,500 எடுக்கிறார். அவர் செலவு மாதம் 2,100. பற்றாக்குறை 600. தன் செலவும் பிள்ளைச் செலவும் போகக் கணவரிடம் 900 மிஞ்சுகிறது என்றால் 600 அவரால் முடியும். வருஷத்துக்கு 7,200, அவர் 60 வயதில் ஓய்வு பெறும் வரை 16 வருஷம், மொத்தம் 1,15,200.

ஆனால் பின்னால் வரவேண்டிய பணத்தை இன்றே கொடுத்தால் அது குறையத்தான் வேண்டும். வருஷத்துக்கு 4 சதவீத வட்டி என்று பார்த்தால் இன்றைய மதிப்பு சுமார் 84,000. அப்புறம் நிச்சயமில்லாத விஷயங்களுக்கும் கழிக்க வேண்டும். மனைவி மறுமணம் செய்தால் மாத ஜீவனாம்சம் நின்றுவிடும். ஜீவனாம்சத்துக்கு ஈடாகச் சொத்து எதுவும் ஒதுக்கப்படாத நிலையில் கணவர் இறந்தாலும் நிற்கும். அவள் சம்பளம் கூடலாம். இதையெல்லாம் பார்த்து 60,000 பக்கம் பேசினால் அதில் நியாயம் இருக்கிறது. இருபதாயிரமோ 33 மாதப் பணம்தான்.

லாரி ஓட்டுநர் அறுபதாயிரத்துக்கு எங்கே போவார்? இந்த இடத்தில்தான் தாமான் வீடு வருகிறது, அதோடு மோசமான ஏமாற்றும் வருகிறது. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய வீடு, கடன் முடிந்துவிட்டது, விலை 1,20,000 என்று வையுங்கள். சம்பளம் இல்லாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டதையும் பங்களிப்பாகக் கணக்கெடுத்து, சொத்தைச் சமமாகப் பிரிக்கும் பக்கமாகவே நீதிமன்றம் சாயும் என்பதால், அதில் பாதி அவளுக்கு எப்படியும் வரக்கூடிய பங்கு. "வீட்டுப் பங்கையும் சேர்த்துத்தான் இருபதாயிரம்" என்று கையெழுத்து வாங்கினால் அவளுடைய சொந்த அறுபதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கொடுத்துவிட்டு, ஜீவனாம்சமே கொடுக்காததாக ஆகும். மாறாக, கணவர் தன் பாதியை ஜீவனாம்சத்துக்குப் பதிலாக எழுதிக் கொடுக்கலாம். ரொக்கம் தேட வேண்டியதில்லை. எது சொத்துப் பங்கு, எது ஜீவனாம்சம் என்று உத்தரவில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கான பணத்தை இந்த மொத்தத் தொகைக்குள் போடவே கூடாது. அது பிள்ளையின் உரிமை. 18 வயது வரையும், மேற்படிப்பு நடந்தால் அது முடியும் வரையும் கூட நீளலாம். தாய் போட்ட கையெழுத்து அதை அடைத்துவிடாது.

சரி, மாதாமாதம் வாங்குவதே மேல் என்று தோன்றலாம். அரசாங்கத்திலோ பெரிய கம்பெனியிலோ நிலையான சம்பளம் வாங்குபவர் என்றால் பெரும்பாலும் அதுதான் மேல். நிலைமை பெரிதாக மாறினால் தொகையை மாற்றச் சொல்லிக் கேட்கவும் முடியும். மொத்தத் தொகையில் அந்த வழி இல்லை. தினக்கூலிக்காரர், அடிக்கடி வேலை மாற்றுபவர், சிங்கப்பூர் பக்கம் போய்விடுவார் என்ற சந்தேகம் உள்ளவர் என்றால் கொஞ்சம் குறைத்தாவது மொத்தமாக வாங்குவது புத்திசாலித்தனம். மாதப் பணம் நின்றால், பாவம் என்று வருஷக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வழக்குப் போடும் நாளுக்கு மூன்று வருஷத்துக்கு முந்திய பாக்கியைச் சட்டப்படி வசூலிக்க முடியாது.