டபுள் ஏ அளவு லித்தியம் செல்: 1.5 வோல்ட்டா, 3.7 வோல்ட்டா என்று பிரித்தறிவது எப்படி?

டபுள் ஏ பேட்டரி போடும் இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிற ரீசார்ஜ் லித்தியம் செல்கள் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரண லித்தியம் அயான் செல். அதன் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். மற்றொன்றின் உள்ளே சற்றுச் சிறிய லித்தியம் அயான் செல் ஒன்றும், அதன் மின்னழுத்தத்தை 1.5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் சுற்று ஒன்றும் அடங்கியிருக்கும். வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், கருவியில் போடும் முன் கீழ்க்கண்டவாறு சோதித்துக்கொள்ளுங்கள்.

படி 1: உறையைப் படியுங்கள்

உறையில் 14500 என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் சாதாரண செல். 14 என்பது விட்டம், 50 என்பது நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். கடைசிச் சுழி உருளை வடிவத்தைக் குறிக்கிறது. "1.5 வோல்ட், லித்தியம்" என்று எழுதியிருப்பதாலேயே ரீசார்ஜ் செய்யலாம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லித்தியம் டபுள் ஏ செல்லும் அதே எழுத்துகளோடு வருகிறது. அதைச் சார்ஜ் செய்வது ஆபத்து.

படி 2: மல்டிமீட்டரால் அளவிடுங்கள்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் வரம்பில் வைத்து, சிவப்பு முனையைக் குமிழிலும் கறுப்பு முனையைத் தட்டையான அடிப்பக்கத்திலும் தொடுங்கள். 3 முதல் 4.2 வரை எந்த எண் வந்தாலும் அது பெரும்பாலும் சாதாரண லித்தியம் அயான். 1.5-ஐ ஒட்டி வந்தால் சுற்று உள்ள வகையாக இருக்கலாம். 1.7 அல்லது 1.8 காட்டினால், அது ரீசார்ஜ் ஆகாத புதிய லித்தியம் செல்லாகவே இருக்கக்கூடும். சுழி காட்டும் செல் செத்துவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். பாதுகாப்புச் சுற்று வெளியீட்டைத் துண்டித்திருக்கலாம், உரிய சார்ஜரில் வைத்ததும் உயிர்பெறும்.

படி 3: கருவி எத்தனை வோல்ட் தாங்கும் என்று பாருங்கள்

இரண்டு டபுள் ஏ செல்கள் தொடராகப் போடும் கருவி 3 வோல்ட்டை எதிர்பார்க்கிறது. அதில் முழுச் சார்ஜான சாதாரண லித்தியம் அயான் இரண்டைப் போட்டால் 8.4 வோல்ட் போய்ச் சேரும். ஒரே செல்லில் ஓடும் என் வயர்லெஸ் மவுஸில் அவசரத்தில் 14500-ஐப் போட்டேன். சிவப்பு விளக்கு ஒருமுறை பளிச்சிட்டது, அதன்பிறகு எந்தப் பேட்டரிக்கும் அது எழுந்திருக்கவில்லை. சில டார்ச் விளக்குகள் மட்டும் இரு வகையையும் ஏற்கும், அப்படியானால் 4.2 வோல்ட் வரை தாங்கும் என்று அவற்றின் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கும்.

படி 4: கொள்ளளவைக் கணக்கிடுங்கள்

1.5 வோல்ட் செல்களின் உறையில் பெரிய எழுத்தில் தெரியும் எண் பல நேரங்களில் மில்லி வாட் மணியில் இருக்கும். அதை மில்லி ஆம்பியர் மணி என்று வாசித்து ஏமாறுபவர்கள் ஏராளம். உள்ளே 3.7 வோல்ட்டில் 750 மில்லி ஆம்பியர் மணி செல் இருப்பதாகக் கொள்வோம். 3.7 × 750 = 2775 மில்லி வாட் மணி. மின்னழுத்தத்தைக் குறைக்கும்போது பத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போனால் ஏறத்தாழ 2500 மிஞ்சும், அதை 1.5-ஆல் வகுத்தால் சுமார் 1670 மில்லி ஆம்பியர் மணி. 2000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட சாதாரண நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்டில் 2400 மில்லி வாட் மணி தருகிறது. ஆக, ஆற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை. 1.2 வோல்ட்டில் சோர்ந்துபோகும் கருவிக்கு மாறாத 1.5 வோல்ட் கிடைக்கிறது என்பதற்காக மட்டுமே இந்த வகையை வாங்கலாம் என்பது என் கருத்து.

படி 5: சார்ஜரை மாற்றிப் போடாதீர்கள்

சுற்று உள்ள செல்லுக்கு 5 வோல்ட் கொடுக்க வேண்டும். சிலவற்றில் யூஎஸ்பி துளை பக்கவாட்டிலேயே இருக்கும், மற்றவை தமக்கென வரும் சார்ஜரில் முனைகள் வழியாகவே அந்த 5 வோல்ட்டைப் பெறும். 4.2 வோல்ட்டில் நிறுத்தும் வேலையை செல்லின் உள்ளிருக்கும் சுற்றே பார்த்துக்கொள்கிறது. ஆகவே அந்தச் சார்ஜரில் சாதாரண 14500-ஐ வைத்தால், தடுக்க எதுவும் இல்லாமல் செல் 4.2 வோல்ட்டைத் தாண்டிச் சார்ஜாகி, வீங்கவோ தீப்பிடிக்கவோ வாய்ப்புண்டு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு சார்ஜரிலும் 1.5 வோல்ட் செல்லை வைக்கக் கூடாது.

படி 6: எங்கே போடக் கூடாது என்று தீர்மானியுங்கள்

வெளியீடு கடைசிவரை 1.5 வோல்ட்டிலேயே நிற்பதால், கருவியின் பேட்டரி அளவுகாட்டி முழுதாகவே காட்டிக்கொண்டிருந்து திடீரென அணைந்துவிடும். முடியும் தறுவாயில் 1.1 வோல்ட் அளவுக்கு இறங்கி எச்சரிக்கும் மாடல்களும் உண்டு. எச்சரிக்கை ஒலியை நம்பியிருக்கும் புகை அலாரத்தில் இவற்றைப் போட வேண்டாம். மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்று விடாமல் மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்து இணைப்பதால், ஏஎம் வானொலியில் இரைச்சலும் எழலாம். நிலையம் இல்லாத இடத்தில் அலைவரிசையை நிறுத்தி, முதலில் சாதாரண அல்கலைன் செல்லிலும் பிறகு இந்த செல்லிலும் கேட்டுப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும்.